‘நிறைய 2 நிராகரிக்கப்பட்டது’: சாயப்பட்டறைக்குப் போன ஒரு கடிதத்தைத் திருத்திய நிகழ்வு

பின்னணி

திருப்பூரில் உள்ள ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், கருநீல நிறத்தில் 2,400 கிலோ சிங்கிள் ஜெர்சி பருத்தித் துணியைச் சாயமிட ஒரு சாயப்பட்டறைக்குக் கொடுத்திருந்தது. நான்கு லாட்டுகள், ஒவ்வொன்றும் 600 கிலோ கிரே துணி, அதாவது இன்னும் சாயமிடாத துணி. முதல் மூன்று லாட்டுகள் சாயமாகித் திரும்பி வந்துவிட்டன. நான்காவது இன்னும் பட்டறையில் கிரே துணியாகவே இருந்தது. வந்த மூன்றில் லாட் 1, லாட் 3 இரண்டும் சரியாக இருந்தன. 2-ஆம் தேதி வந்த லாட் 2 மட்டும் ஒப்புதல் பெற்ற மாதிரியைவிட அடர்த்தியாகத் தெரிந்தது. ஆய்வகத்தில் ஈர ரப்பிங் சோதனை செய்தபோது குறைந்தது 3 வர வேண்டிய இடத்தில் 2 தான் வந்தது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, அதில் ஒட்டும் கறையைச் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டுத் தரப்படும் மதிப்பு அது. 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் மிக மோசம்.

நிறுவனத்தின் வணிகப் பிரிவு வேறு ஊரில் இருக்கிறது. அங்கே கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் தயாராகும். பட்டறை உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். தமிழ் நாளிதழை வரி விடாமல் படிப்பவர், ஆங்கிலக் கடிதம் வந்தால் கணக்காளரிடம் நீட்டிவிடுவார். கணக்காளர் விடுப்பில் இருந்ததால், திருப்பூர் அலுவலகத்தில் இருந்த இளம் மெர்ச்சண்டைசர் ஆங்கிலக் கடிதத்தைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு, கிடைத்த தமிழை அப்படியே 7-ஆம் தேதி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை உரிமையாளர் அழைத்தார். “ஏனுங்க தம்பி, நிழலு, வேகம்னு என்னென்னமோ எழுதியிருக்கீங்க. நிறைய நிராகரிச்சாச்சுன்னா மூணு லாட்டுமேங்களா? அப்ப பில்லு எதுக்கும் பணம் வராதுங்களா?” என்று கேட்டார். அன்று மாலை அந்த வரைவு என்னிடம் வந்தது. நான் அந்த நிறுவனத்தின் ஊழியன் அல்ல. அவ்வப்போது அவர்களுடைய தமிழ்க் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பவன்.

தொலைபேசியிலேயே பேசித் தீர்த்திருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பட்டறை குறுந்தொழிலாகப் பதிவு பெற்றது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். பணம் கொடுக்கும் கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். 17-ஆம் தேதிக்குள் எழுத்தில் ஒன்று போயாக வேண்டும். 7-ஆம் தேதி ஒன்று போயிருந்தது உண்மைதான். ஆனால் எந்த லாட்டுக்கு ஆட்சேபம் என்று படித்தவருக்கே விளங்காத கடிதத்தை ஆட்சேபம் என்று சொல்லி நாளை யாரும் நிற்க முடியாது.

வரைவில் கண்டவை

வரைவின் முதல் வாக்கியம் இது: “நிழல் மாறுபாடு மற்றும் மோசமான ஈரமான தேய்த்தல் வேகம் காரணமாக நிறைய 2 நிராகரிக்கப்பட்டுள்ளது என்பதை உங்களுக்குத் தெரிவிக்க நாங்கள் வருந்துகிறோம்.” ஷேடு நிழலாகிவிட்டது. சாயம் துணியில் உறுதியாக நிற்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு விரைவு என்றும் பொருள் உண்டு என்பதால் அது வேகமாகிவிட்டது. லாட் ஓரிடத்தில் ‘நிறைய’, இரண்டு பத்தி தள்ளித் ‘தொகுதி’. கிரே துணி ‘சாம்பல் துணி’ ஆகியிருந்தது. கருநீலத்துக்கு நடுவே சாம்பல் நிறத் துணி எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பார்.

இந்த வகைப் பிழைகளைக் கண்டு சிரிக்கலாம், ஆனால் இவை உண்மையில் ஆபத்து குறைந்தவை. தவறு என்பது பார்த்ததுமே தெரிந்துவிடுவதால், படிப்பவர் குழம்பினாலும் கேட்டுவிடுகிறார். என்னை அதிகம் தடுத்து நிறுத்தியது வேறொரு வாக்கியம்: “மறுசெயலாக்கத்திற்காகத் தொகுதியை உங்கள் செலவில் 14 ஆம் தேதிக்குள் சேகரிக்கலாம்.” இதில் விறைப்பு இருக்கிறதே தவிரப் பிழை எதுவும் கண்ணில் படவில்லை. நானும் முதலில் இதை, “லாட்டை 14-ஆம் தேதிக்குள் எடுத்துச் சென்று மீண்டும் பிராசஸ் செய்து தரலாம்” என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

கடைசிப் பத்திக்கு வந்தபோதுதான் உறுத்தியது. ‘எடுத்துச் செல்லலாம்’ என்றால் எடுத்துச் செல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் எடுத்துச் செல்லாவிட்டால் பணத்தைப் பிடிப்போம் என்று கடைசிப் பத்தி எப்படிச் சொல்ல முடியும்? மெர்ச்சண்டைசரிடம் ஆங்கில மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் பழகிப்போன ‘மே ப்ளீஸ் பி’ என்ற தொடர் அங்கே இருந்தது. அது அனுமதி அன்று. மரியாதையாகச் சொல்லப்படும் கட்டளை. அதை எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் அது தெரியும். கணினி அதிலிருந்து ‘-லாம்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டது. நான் அந்த ‘-லாம்’ நீங்காமல் மொழியை மட்டும் வழுவழுப்பாக்கியிருந்தேன். திருத்துவதற்கு முன்பாவது படிப்பவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். என் திருத்தத்துக்குப் பிறகு அதுவும் வந்திருக்காது.

மூலத்தில் “எங்கள் உரிமைகள் பாதிக்கப்படாமல்” என்ற பொருளில் சட்டத் தொடர் ஒன்று இருந்தது. வரைவில் அது ‘பாரபட்சமின்றி’ என்று வந்திருந்தது. நல்ல தமிழ்ச் சொல், வாக்கியத்திலும் பொருந்தி உட்கார்ந்திருந்தது, ஆனால் நடுநிலையோடு நடந்துகொள்வோம் என்று வாக்குக் கொடுப்பதாகப் பொருள்பட்டது. ஆங்கிலம் கையில் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அதனால் முதல் முடிவு, வரைவைத் திருத்துவதை நிறுத்திவிட்டு மூலத்திலிருந்து தொடங்குவது. மூலத்தையும் மொழிபெயர்க்கவில்லை. இந்தக் கடிதம் படித்து முடித்ததும் உரிமையாளர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, பணம் என்ன ஆகும் என்று மெர்ச்சண்டைசரிடம் கேட்டு, அவர் வாயால் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். லாட் 2-ஐ எடுத்துப் போய்ச் சரிசெய்து தர வேண்டும். அது சரியாகும் வரை லாட் 4-ஐச் சாயத்தில் போடக் கூடாது. லாட் 1, 3 பில்லுக்குப் பணம் வழக்கம்போல வரும், லாட் 2 பில் மட்டும் நிற்கும். மூன்றாவது செய்தி ஆங்கில மூலத்தில் வெளிப்படையாக இல்லவே இல்லை. வணிகப் பிரிவுக்கு அது சொல்லாமலே தெரிந்த விஷயம். உரிமையாளர் தொலைபேசியில் முதலில் கேட்டதோ அதைத்தான்.

இரண்டாவது, சொற்களைப் பற்றியது. லாட், ஷேடு, கிரே துணி, ரப்பிங், சாயமிட்ட துணியைச் சோப்பு நீரில் அலசும் சோப்பிங், சரக்கோடு வரும் டெலிவரி சலானாகிய டி.சி. ஆகியவற்றை அப்படியே வைத்தேன். தொகுதி, நிறச்சாயல், தேய்ப்புறுதி என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசை உண்டு; அதற்கு இடமும் உண்டு. ஆனால் பட்டறையில் ரப்பிங் என்றால் டையிங் மாஸ்டர் முதல் துணி உலர்த்துபவர் வரை எல்லோருக்கும் ஒரே பொருள். அதே நேரத்தில் வாக்கியத்தின் எலும்புக்கூடு தமிழாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. ‘நிராகரிக்கப்பட்டுள்ளது’, ‘கண்டறியப்பட்டுள்ளது’ போன்ற வினைகளை எடுத்துவிட்டு, யார் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று எழுதினேன். ‘நிராகரிப்பு’ என்ற சொல்லையே விட்டுவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துணி நிராகரிக்கப்படவில்லை, சரிசெய்யத்தான் திரும்பப் போகிறது.

வரைவில் பதினோரு இடங்களில் ‘நீங்கள்’, ‘உங்கள்’ இருந்தன. தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதால், இத்தனை முறை சுட்டினால் விரலை நீட்டிப் பேசுவது போல ஒலிக்கிறது. மூன்று இடங்களில் மட்டும் ‘தங்கள்’ என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். ‘நாங்கள்’ விஷயத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. திரும்பி வரும் துணியை “நாங்கள் அனுப்புவதற்கு முன் ஆய்வு செய்வோம்” என்று வரைவு சொன்னது. ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நிறுவனத்தின் ஆள் மட்டும் வந்து பார்ப்பாரா, இரு தரப்பும் சேர்ந்து பார்ப்பதா என்று கேட்டேன். சேர்ந்துதான் என்று பதில் வந்தது. உரிமையாளருக்கு இந்த ஒரு சொல்லின் வேறுபாடு சிறியதாக இருந்திருக்காது.

கட்டளைகளின் கடுமையையும் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. துணியை எடுத்துச் செல்வதற்குக் ‘கேட்டுக்கொள்கிறோம்’ போதும். லாட் 4-ஐப் போடக் கூடாது என்பதில் அப்படி எழுத முடியாது. ஒருமுறை சாயத்தில் விழுந்துவிட்டால் 600 கிலோ துணியை மறுபடி கிரே துணியாக்க முடியாது. அங்கே ‘போட வேண்டாம்’ என்று நேராக எழுதித் தனிப் பத்தியாக்கினேன். என் முந்தைய படி ஒன்றில் அதையும் “போடாமல் இருந்தால் நன்றாக இருக்கும்” என்று தணித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விறைப்பை நீக்குவதில் இறங்கிவிட்டால் கை தானாகவே எல்லாவற்றையும் தணித்துக்கொண்டு போகும்.

ஓரிடத்தில் மொழியை அல்லாமல் உள்ளடக்கத்தைத் தொட வேண்டியிருந்தது. சோப்பிங் சரியாகச் செய்யாததே காரணம் என்று மூலம் அடித்துச் சொன்னது. ரியாக்டிவ் சாயத்தில் இழையோடு சேராமல் தங்கிய சாயம் சூடான சோப்பிங்கில் வெளியேற வேண்டும்; வெளியேறாவிட்டால் ஷேடும் அடர்த்தியாகத் தெரியும், ரப்பிங்கும் குறையும். இரண்டு குறையும் ஒன்றாக வந்திருப்பதால் அந்த ஊகம் நியாயமானதே. ஆனால் ஆய்வக அறிக்கையில் மதிப்பு மட்டுமே இருந்தது, காரணம் இல்லை. எழுதியவரைக் கேட்காமல் இதை மாற்றுவது என் வேலை அல்ல என்பதால், சுட்டிக்காட்டி அனுமதி பெற்ற பிறகே ‘கருதுகிறோம்’ என்று மாற்றினேன்.

எடையிலும் ஒரு சிக்கல் இருந்தது. மூலத்தில் லாட் 2 என்பது 600 கிலோ, பட்டறையின் டி.சி.யில் 572 கிலோ. முன்னது கொடுத்த கிரே துணி, பின்னது சாயமாகி வந்தது. இடையில் உள்ள 28 கிலோ பிராசஸ் லாஸ். திரும்பிப் போகப் போவது 572 கிலோதான் என்பதால் இரண்டு எண்ணையும் அவற்றின் பெயரோடு எழுதினேன்.

அனுப்புவதற்கு முன், இந்த விவகாரத்தில் சம்பந்தமில்லாத, இன்னொரு பட்டறையில் கணக்கு எழுதும் அம்மா ஒருவரிடம் கடிதத்தைப் படிக்கக் கொடுத்து, என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் வார்த்தையில் சொல்லச் சொன்னேன். எல்லாம் சரியாகச் சொன்னவர், “பதினாலுக்குள்ளன்னா பதிமூணாந்தேதியே எடுத்துடணுங்களா?” என்று கேட்டார். தேதியோடு நேரமும் சேர்ந்தது அவரால்தான்.

அனுப்பிய கடிதம்

10-ஆம் தேதி நிறுவனத்தின் தலைப்புத்தாளில், கையெழுத்தோடு போன கடிதத்தின் உடல் பகுதி இது:

> அன்புடையீர், வணக்கம்.
>
> பொருள்: கருநீல சிங்கிள் ஜெர்சி, லாட் 2 – ஷேடு, ரப்பிங் குறை – சரிசெய்து தருவது குறித்து.
>
> 7-ஆம் தேதி வாட்ஸப்பில் அனுப்பிய கடிதத்தில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. அதனால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறோம். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்ளவும்.
>
> லாட் 1, லாட் 3 இரண்டும் சரியாக உள்ளன. அவற்றின் பில்களுக்கு வழக்கமான தேதியில் பணம் வந்து சேரும்.
>
> லாட் 2 (கொடுத்த கிரே துணி 600 கிலோ, டி.சி.ப்படி வந்தது 572 கிலோ) இம்மாதம் 2-ஆம் தேதி வந்தது. எங்கள் தரப் பிரிவில் பார்த்தபோது, ஒப்புதல் பெற்ற மாதிரியைவிட ஷேடு அடர்த்தியாக இருந்தது. ஈர ரப்பிங் குறைந்தது 3 இருக்க வேண்டும், 2 வந்துள்ளது. அறிக்கையும் துணி மாதிரியும் இத்துடன் உள்ளன. சோப்பிங் போதாமல் இருந்திருக்கலாம் என்று கருதுகிறோம். தங்கள் டையிங் மாஸ்டர் பார்த்து உறுதி செய்யவும்.
>
> லாட் 2-ஐ 14-ஆம் தேதி மாலை 6 மணிக்குள் எடுத்துச் சென்று, தங்கள் செலவில் சரிசெய்து, 20-ஆம் தேதி மாலை 6 மணிக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். துணி பட்டறையிலிருந்து கிளம்பும் முன் நாம் இரு தரப்பும் சேர்ந்து பார்த்துவிடலாம். லாட் 2 பில் அதுவரை நிறுத்தி வைக்கப்படும்.
>
> லாட் 2 சரியாகி எங்கள் ஒப்புதல் எழுத்தில் வரும் வரை லாட் 4-ஐச் சாயத்தில் போட வேண்டாம்.
>
> 20-ஆம் தேதிக்குள் துணி சரியாகி வராவிட்டால், வேறிடத்தில் சரிசெய்து, அதற்கு ஆகும் செலவுக்குத் தங்கள் கணக்கில் டெபிட் நோட் போட நேரிடும். இந்தக் கடிதத்தால் எங்களுடைய மற்ற உரிமைகள் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.
>
> இப்படிக்கு,

தொடர்ந்து நடந்தவை

கடிதம் கிடைத்த அன்றே உரிமையாளர் மெர்ச்சண்டைசரை அழைத்தார். இந்த முறை என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. டெம்போ எப்போது அனுப்பலாம் என்று கேட்டார். 12-ஆம் தேதி துணி போனது. டையிங் மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்த்தபோதே சாயம் இறங்கியதால், மறுசாயம் தேவையில்லை, சோப்பிங் போதும் என்று முடிவாயிற்று. 16-ஆம் தேதி இரு தரப்பும் பட்டறையில் சேர்ந்து பார்த்தார்கள். ஈர ரப்பிங் 3 வந்தது. தங்கியிருந்த சாயம் வெளியேறியதால் ஷேடும் மாதிரிக்கு இறங்கியிருந்தது. 17-ஆம் தேதி துணி திரும்பியது. லாட் 4-க்கு ஒப்புதல் மறுநாள் எழுத்தில் போயிற்று.

ஒன்று மட்டும் சுமுகமாக முடியவில்லை. மாதக் கடைசியில் பட்டறையிலிருந்து வந்த பில்லில் டெம்போ வாடகை 3,200 ரூபாய் சேர்ந்திருந்தது. வணிகப் பிரிவு மறுத்தது. ‘தங்கள் செலவில்’ என்று கடிதத்திலேயே இருக்கிறதே என்றது. உரிமையாளர் அதே வரியைக் காட்டினார். ‘எடுத்துச் சென்று, தங்கள் செலவில் சரிசெய்து’ என்றுதானே இருக்கிறது, சரிசெய்த செலவை நான் கேட்கவில்லையே என்றார். அவர் சொல்வதுதான் இலக்கணப்படி சரி. ‘தங்கள் செலவில்’ என்பதை நான் ‘சரிசெய்து’ என்பதற்கு முன்னால் வைத்ததால் அது அந்த வினையோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. கணினி வரைவில்கூட அது ‘சேகரிக்கலாம்’ என்பதை ஒட்டித்தான் இருந்தது. மூலத்தில் எதற்கு என்று தெளிவில்லாமல் இருந்த தொடரை, கேட்காமல் நானே ஒரு பக்கம் சாய்த்துவிட்டேன். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

மாற்றிக்கொண்டவை

இப்போது அந்த நிறுவனத்திலிருந்து கணினி வரைவு மட்டும் வந்தால் வேலையைத் தொடங்குவதில்லை. மூலமும், ‘படித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்’ என்ற கேள்விக்கு இரண்டு வரிப் பதிலும் வந்த பிறகே தொடங்குகிறேன். மெர்ச்சண்டைசர் தன் பங்குக்கு, அந்த ஒரு பட்டறையோடு பேசும்போது இரு தரப்பும் பயன்படுத்தும் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். இதுவரை நாற்பது சொற்கள்கூட ஆகவில்லை.

செலவு, கெடு, எடை மூன்றும் வரும் வாக்கியங்களை மொழி திருத்தும் முன்பே தனியாக எடுத்து, யாருக்கு, எதற்கு, எதுவரை என்று அனுப்புபவரிடம் கேட்டுவிடுகிறேன். சரக்கைத் திருப்பி அனுப்பும் கடிதமாக இருந்தால் வண்டி வாடகைக்குத் தனி வாக்கியம் கேட்கிறேன். அடுத்த முறை அதே பட்டறைக்குப் போன கடிதத்தில், “எடுத்துச் செல்லும் வண்டி வாடகை தங்களுடையது, திரும்பி வரும் வண்டி வாடகை எங்களுடையது” என்று இருந்தது. உரிமையாளர் அந்த வரியின் கீழ் பேனாவால் ஒரு கோடு போட்டு, படத்தை மெர்ச்சண்டைசருக்கு அனுப்பியிருந்தார்.